விலையைத் தெளிவாக எழுதுவது எப்படி?

தோட்டப்புறங்களில் பால்மரம் சீவிவிட்டு வந்த பின் பலகாரம் செய்து விற்கும் குடும்பங்கள் இன்று பல உள்ளன. முன்பு லயத்திற்குள்ளேயே விற்று முடிந்த முறுக்கும் அதிரசமும் இப்பொழுது கைப்பேசி விளம்பரத்தின் வழியாக ஈப்போவுக்கும் ஜொகூர் பாருவுக்கும் செல்லுகின்றன. பலகாரத்தில் குறை இருப்பதில்லை. குறை இருப்பதெல்லாம் விளம்பரத்தில் விலையை எழுதும் முறையில்தான். ஆகவே இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொண்டோம்.

கோலா கிளாவாங்கிற்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தில் ஓர் அம்மையார் முறுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதுகிறார்: “சுவையான முறுக்கு. 12 வெள்ளி மட்டுமே. அனுப்பும் செலவு தனி. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி. சி.ஓ.டி. உண்டு.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12 வெள்ளி எத்தனை கிராமுக்கு? அனுப்பும் செலவு எவ்வளவு? எத்தனை வாங்கினால் ‘மொத்தம்’? இவற்றுள் ஒன்றுக்கும் விடை இல்லை. இதைவிட மோசமானது, “விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்” என்று எழுதுவது. மின்னியல் வாணிபத்திற்கென 2012ஆம் ஆண்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. போக்குவரத்துச் செலவு, வரி, பிற செலவுகள் ஆகிய யாவும் அடங்கிய முழு விலையை விற்பவர் வெளியிட வேண்டும் என்று அப்போதே கூறப்பட்டுவிட்டது.

முதலில் வரியைப் பார்ப்போம். 2015 ஏப்ரல் முதல் தேதி பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் முதல் தேதி அது பூச்சிய விகிதமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டும் நடப்புக்கு வந்தன. இந்த மாற்றங்களில் குழம்பிய சிலர், இன்னமும் தம் விளம்பரத்தில் “வரி தனி” என்று எழுதுகின்றனர். விற்பனை வரி, பதிவு பெற்ற உற்பத்தியாளரிடமும் இறக்குமதி செய்பவரிடமும் பெறப்படுவது. பதிவு பெறாத வீட்டுத் தொழிலர் வாங்குபவரிடம் வரி என்று ஒரு காசும் வசூலிக்க உரிமையற்றவர். அவர் எழுத வேண்டியது, “இதுவே முழு விலை, வரி என்று தனியே எதுவும் இல்லை” என்பதே.

ஆனால் வரி வேறொரு வாசல் வழியாக அவரிடம் வருகிறது. உள்நாட்டுக் கூரியர் கட்டணத்தின் மேல் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. அட்டவணையில் 10 வெள்ளி என்று இருந்தால், முகப்பில் 10 வெள்ளி 60 காசு கேட்பார்கள். அந்த 60 காசை முன்னரே கணக்கில் சேர்க்காதவர், ஒவ்வொரு பொட்டலத்திற்கும் அதனைத் தம் கையிலிருந்து கொடுக்கிறார்.

கூரியரில் இன்னொரு வலையும் இருக்கிறது. முறுக்கு விற்பவர் பெரும்பாலும் விழுவது அதில்தான். அரை கிலோ முறுக்குப் பொட்டலங்கள் மூன்றின் எடை ஒன்றரை கிலோ. அம்மையார் 2 கிலோ கட்டணத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆனால் முறுக்கு நொறுங்காமல் இருக்க அதனைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். கூரியர் நிறுவனங்கள் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாகக் கணக்கிடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். பெட்டி 30க்கு 25க்கு 20 என்றால் பெருக்கல் தொகை 15,000. அதனை வகுத்தால் 3 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். எனவே தராசை மட்டும் நம்பாமல், காலிப் பெட்டியை அளந்து கூரியர் முகப்பில் விலை கேட்ட பிறகே விளம்பரம் எழுதுதல் வேண்டும். நம் அம்மையாருக்கு 3 கிலோவுக்கு வரியுடன் 10 வெள்ளி 60 காசு ஆகிறது. பெட்டிக்கட்டும் நாடாவையும் சேர்த்து 11 வெள்ளி என்று வைக்கிறார்.

ஒரே ஒரு பொட்டலம் வாங்குபவருக்கும் இந்த 11 வெள்ளி உண்டு. 12 வெள்ளி முறுக்குக்கு 23 வெள்ளியா என்று அவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பணம் கட்டும் நேரத்தில் அறிந்து சினங்கொள்வதைவிட, விளம்பரத்தில் கண்டு மூன்றாக வாங்குவது இருவருக்கும் நல்லது.

அடுத்து, பொருள் கையில் கிடைத்ததும் பணம் கொடுக்கும் முறை. இதில் பணத்தைப் பெறுபவர் விற்பவர் அல்லர், கூரியர் ஊழியர். நிறுவனம் அதற்கொரு கட்டணம் பிடித்துக்கொண்டு, சில நாட்கள் கழித்தே மிச்சத்தை விற்பவருக்கு அனுப்பும். அம்மையார் இதற்கு 3 வெள்ளி கூடுதலாக வைக்கிறார். இந்த 3 வெள்ளியை மறைத்து எழுதினால், வாசலில் வாங்குபவர் பொட்டலத்தை மறுத்துவிடுவார். மறுத்த முறுக்கு திரும்பி வருவதற்குள் தூளாகிவிடும். போகும் செலவும் வரும் செலவும் விற்பவர் தலையில் விழக்கூடும்.

இம்முறையில் தொகையை முழு வெள்ளியில் வைப்பது நல்லது. 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை 5 காசுக்குச் சரிக்கட்டப்படுகிறது. பொட்டலம் 11 வெள்ளி 98 காசு என்று அழகுக்காக எழுதினால், மூன்றுக்கு 35 வெள்ளி 94 காசு ஆகும். கையில் வாங்குவதோ 35 வெள்ளி 95 காசு. தோட்டத்து வீடுகளில் பொட்டலம் வரும் நேரத்தில் பெற்றோர் வேலைக்காட்டில் இருப்பர். பணத்தைக் கொடுப்பது பாட்டியோ பள்ளிப்பிள்ளையோதான். எத்தனை வெள்ளி எடுத்து வைக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இறுதியாகத் தள்ளுபடி. “10 பொட்டலத்திற்கு 10 விழுக்காடு கழிவு” என்று எழுதலாமா? கணக்கிட்டுப் பாருங்கள். 9 பொட்டலம் 108 வெள்ளி. 10 பொட்டலம் 120 வெள்ளி. பத்து விழுக்காடு போனால் அதுவும் 108 வெள்ளி. பத்தாவது பொட்டலம் இலவசமாகப் போய்விட்டது! இன்னும் சற்றுக் கூடுதலாகக் கழித்தால், ஒன்பதைவிடப் பத்து மலிவாகிவிடும். ஒன்பது வாங்கியவர் ஏமாந்ததாக எண்ணுவார். ஆகவே எல்லை எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணிக்கையின் விலையையும் எப்போதும் போட்டுப் பார்த்தல் வேண்டும். அம்மையார் பத்துக்கு மேல் பொட்டலம் 11 வெள்ளி என்கிறார்: 10க்கு 110 வெள்ளி. குறைந்த விலை எல்லாப் பொட்டலங்களுக்குமா, பதினொன்றாவதிலிருந்தா என்பதையும் சொல்லியாக வேண்டும். சண்டைகள் பல அங்கேதான் பிறக்கின்றன.

இப்பொழுது விளம்பரத்தைத் திருத்தி எழுதுவோம்:

“அரிசிமாவு முறுக்கு, 500 கிராம் பொட்டலம் 12 வெள்ளி. இதுவே முழு விலை. வரி தனியே இல்லை. 10 பொட்டலமும் அதற்கு மேலும் வாங்கினால், எல்லாப் பொட்டலங்களும் தலா 11 வெள்ளி. கோலா கிளாவாங்கில் நேரில் பெற்றால் வேறு செலவு இல்லை. தீபகற்ப மலேசியாவுக்குக் கூரியர் செலவு, வரி உட்பட: 1 முதல் 3 பொட்டலம் வரை 11 வெள்ளி, 4 முதல் 9 வரை 18 வெள்ளி, 10 பொட்டலம் 24 வெள்ளி. 10க்கு மேற்பட்டவை நேரில் மட்டும். சபா, சரவாக்கிற்கு அனுப்புவதில்லை. பொருள் வந்ததும் ரொக்கம் கொடுக்க விரும்பினால் மேலும் 3 வெள்ளி. இது 3 பொட்டலம் வரை மட்டும். எடுத்துக்காட்டு: 3 பொட்டலம், கூரியர், ரொக்கம்: 36, 11, 3, ஆக 50 வெள்ளி.”

நீளமாக உள்ளதே என்று சிலர் கருதலாம். பத்துப் பொட்டலத்திற்கு ரொக்கமுறை ஏன் இல்லை என்றும் கேட்கலாம். 134 வெள்ளிப் பொட்டலத்தை ஒருவர் வாசலில் மறுத்தால் அம்மையாரால் அதனைத் தாங்க இயலாது.

எழுதியதை வெளியிடுமுன், இவ்வியாபாரம் பற்றி ஏதும் அறியாத பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து, “ஈப்போவில் இருப்பவர் நான்கு பொட்டலம் வாங்கினால் எவ்வளவு கட்டவேண்டும்?” என்று கேளுங்கள். 66 வெள்ளி என்று, உங்களிடம் ஒன்றும் வினவாமல் அவர் சொன்னால் வெளியிடலாம். வேறு தொகை சொன்னாலோ, “ரொக்கமா, முன்பணமா?” என்று திருப்பிக் கேட்டாலோ, எந்த வரியைப் படித்து அப்படி எண்ணினார் என்று விசாரித்து, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.