இணைப்புப் பட்டியலை வரிசைப்படுத்தல்

அணியில் உறுப்புகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். எனவே ஐந்நூறாவது உறுப்பையும் நேரடியாக எடுக்கலாம். இணைப்புப் பட்டியலில் அது இயலாது. ஒவ்வொரு கணுவும் ஒரு மதிப்பையும், அடுத்த கணுவின் முகவரியைக் குறிக்கும் சுட்டியையும் மட்டுமே கொண்டுள்ளது. ஐந்நூறாவது கணுவை அடைய, முதற்கணுவிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல வேண்டும். பின்னோக்கித் திரும்பவும் வழியில்லை. எந்த வரிசையாக்க முறை பொருந்தும் என்பதை இப்பண்பே முடிவு செய்கிறது.

விரைவு வரிசையாக்கம் ஓர் உறுப்பை மையமாகக் கொண்டு, அதனினும் சிறியவற்றை ஒருபுறமும் பெரியவற்றை மறுபுறமும் பிரிக்கிறது. இணைப்புப் பட்டியலில் எளிதில் கிடைப்பது முதற்கணு என்பதால், அதையே மையமாகக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். பட்டியல் முன்னரே ஏறுவரிசையில் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒருபுறம் வெறுமையாகும்; மறுபுறத்தில் ஒரு கணு மட்டுமே குறையும். 1000 கணுக்களுக்கு 999 + 998 + … + 1, அதாவது 4,99,500 ஒப்பீடுகள் தேவைப்படும். நடுக்கணுவைத் தேடிச் சென்று மையமாக்கினாலும், பட்டியல் சரிபாதியாகப் பிரியும் என்னும் உறுதி இல்லை.

ஒன்றிணைப்பு வரிசையாக்கமும் நடுக்கணுவைத் தேடுகிறது. ஆனால், பட்டியலை அவ்விடத்திலேயே சரிபாதியாக வெட்டிவிடுகிறது. 1000 கணுக்களைப் பத்து நிலைகளில் தனிக் கணுக்களாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு நிலையிலும் ஒன்றிணைக்க 1000 ஒப்பீடுகளுக்கு மேல் தேவையில்லை. ஆதலால் மொத்தம் 10,000ஐத் தாண்டாது.

40 → 10 → 30 → 20 என்னும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். இது 40 → 10 எனவும் 30 → 20 எனவும் பிரிந்து, 10 → 40, 20 → 30 என வரிசையாகிறது. இனி இரண்டின் தலைகளையும் ஒப்பிடுவோம். 10, 20 ஆகியவற்றுள் 10 முதலில் வருகிறது. அடுத்து 40உடன் ஒப்பிட 20உம், பின்னர் 30உம் இணைகின்றன. எஞ்சிய 40ஐ ஒப்பீடின்றி இறுதியில் இணைக்கலாம். அணியில் இவ்வாறு ஒன்றிணைக்க மற்றோர் அணி தேவைப்படும். இங்கோ மதிப்புகள் இடம்பெயர்வதில்லை. சுட்டிகள் மட்டுமே மாறுகின்றன.

நடுக்கணுவைக் கண்டறிய, ஓரடி நகரும் சுட்டி ஒன்றும் ஈரடி நகரும் சுட்டி ஒன்றும் போதும்.

```c
slow = head;
fast = head->next;
while (fast && fast->next) {
    slow = slow->next;
    fast = fast->next->next;
}
right = slow->next;
slow->next = NULL;
```

இறுதி வரியே பட்டியலை வெட்டுகிறது. அதை மறந்தால் முதற்பாதி முழுப் பட்டியலாகவே நீடிக்கும். நிரல் தன்னைத்தானே முடிவின்றி அழைத்து, அடுக்கு நினைவகம் நிரம்பி நின்றுவிடும்.

சிந்திக்க: இரண்டாம் வரியில் `fast = head` என எழுதினால், இரண்டே கணுக்கள் கொண்ட பட்டியல் எவ்வாறு பிரியும்? சுட்டிகளை வரைந்து காண்க.