டாலர் வேலைக்குக் கடிதம் எழுதப் போகிறாயா, தங்கச்சி?

"அக்கா, அப்வொர்க்ல அப்ளை பண்ணிக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல" என்று பேகம்பூரில் என்னிடம் சொல்லாத தங்கச்சி குறைவு. அனுப்பிய கடிதத்தைக் காட்டச் சொன்னால், முதல் வரி எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் பி.காம் பட்டதாரி, கடினமாக உழைப்பேன், ஒரு வாய்ப்பு கொடுங்கள்."

வேலை கொடுப்பவரின் திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் தெரிந்துகொள். ஒரே வேலைக்கு இருபது, ஐம்பது பேர் எழுதியிருப்பார்கள். அவருக்கு வரும் பட்டியலில் உன் பெயர், படம், நீ கேட்கும் தொகை, அதோடு கடிதத்தின் முதல் ஓரிரண்டு வரிகள் மட்டுமே இருக்கும். மீதியைப் படிக்க அவர் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரியில் உன் பட்டத்தைச் சொன்னால் திறக்க மாட்டார். அவருடைய வேலையைப் பற்றிச் சொன்னால் திறப்பார். அந்தப் பக்கம் இருப்பது பெண்ணாகவும் இருக்கலாம், அதனால் 'ஐயா' வேண்டாம். விளம்பரத்தில் பெயர் இருந்தால் பெயர், இல்லாவிட்டால் வெறும் வணக்கம் போதும்.

விண்ணப்பிப்பதும் இலவசமல்ல. 'கனெக்ட்ஸ்' ஒன்றுக்கு 15 சென்ட், ஒரு வேலைக்குப் பல கனெக்ட்ஸ் போகும். ஒரே கடிதத்தை நகல் எடுத்து நாலு பக்கமும் வீசுவது கைக்காசை வீசுவதுதான். நாளுக்கு ஒன்று எழுது, உருப்படியாக எழுது.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்த்துவிடலாம். பிரிட்டனில் இருக்கும் ஓர் ஆராய்ச்சியாளர் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளிடம் எடுத்த பேட்டிகளை ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடுகிறார் என்று வைத்துக்கொள். மொத்தம் 8 பேட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம். நம்மூர்ப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. சென்னையிலோ டெல்லியிலோ இருந்து விண்ணப்பிப்பவருக்கு இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது: அந்தத் தொழிலாளிகள் பேசும் பேச்சு. முதல் வரியில் அதைத்தான் வைக்க வேண்டும்.

கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும். சின்னச் சின்ன வாக்கியங்களாக, எளிய ஆங்கிலத்தில் எழுது.

"வணக்கம். நான் திண்டுக்கல் பேகம்பூரில் வசிக்கிறேன், தோல் ஷாப்புகள் எங்கள் பகுதியின் தொழில். 'பட்டை' என்று ஒரு தொழிலாளி சொன்னால் அது தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டை என்பது எனக்குத் தெரியும், அதை வெறும் மரப்பட்டை என்று மொழிபெயர்க்க மாட்டேன். உங்கள் 8 பேட்டிகள், மொத்தம் 360 நிமிடம், அனைத்தையும் தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்தில் எழுதித் தருவேன். யார் பேசுகிறார் என்ற குறிப்பும், பேச்சு மாறும் இடங்களில் நேரக் குறிப்பும் இருக்கும். கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல் குறித்து வைப்பேன். ஒலிப்பதிவு நிமிடத்துக்கு 1.50 டாலர், மொத்தம் 540 டாலர். முதல் பேட்டியைத் தனி மைல்ஸ்டோனாக 67.50 டாலருக்குச் செய்கிறேன், பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். மூன்று நிமிட மாதிரி இணைத்திருக்கிறேன். ஒரு கேள்வி: பேட்டிகள் வீட்டில் எடுக்கப்பட்டவையா, ஷாப்புக்குள் இயந்திரச் சத்தத்தோடு எடுக்கப்பட்டவையா?"

இவ்வளவுதான் கடிதம். அப்வொர்க்கில் 5,000 எழுத்துகள் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள், அதை நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசியில் உள்ள கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. அந்த வேலையைச் செய்து பழகிய ஆளுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும், பதில் போடவும் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். விளம்பரத்தோடு அவரே இரண்டு மூன்று கேள்விகள் வைத்திருந்தால் அவற்றுக்குத் தனிப்பெட்டியில் ஒழுங்காகப் பதில் எழுது. பல நேரம் கடிதத்துக்கு முன்னால் அதைத்தான் படிப்பார்கள்.

இப்போது வேலையின் எல்லைக்கு வருகிறேன். சண்டை வருவதெல்லாம் இங்கேதான். 'பேட்டியை எழுதித் தருகிறேன்' என்று மட்டும் சொன்னால் ஆளுக்கு ஒன்று புரிந்துகொள்வார்கள். அவர் மனதில் 'ம்', 'வந்து', இருமல், சிரிப்பு எல்லாம் சேர்ந்த முழு எழுத்து இருக்கும். உன் மனதில் சுத்தமாக்கிய எழுத்து இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் சிலருக்குத் தயங்கி நிறுத்திய இடம்கூட வேண்டும். சிலருக்குத் தமிழ் எழுத்து ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம் என இரண்டும் வேண்டும், அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை. அதனால்தான் கடிதத்தில் 'தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்தில்' என்று போட்டிருக்கிறேன். தமிழும் வேண்டுமென்றால் தொகை வேறு என்று சொல்ல அந்த ஒரு வரி உனக்குக் கைகொடுக்கும். எத்தனை முறை திருத்திக் கொடுப்பாய் என்பதையும் எழுது. ஒருமுறை, கோப்பு கொடுத்து ஏழு நாளுக்குள் என்பது நியாயம். உன் பிழை என்றால் எப்போது சொன்னாலும் திருத்தித் தருவது வேறு விஷயம்.

பேட்டி கொடுத்தவர்கள் நம் அக்கம்பக்கத்து மனிதர்களாகவே இருக்கக்கூடும். முதலாளியைப் பற்றி, கூலியைப் பற்றி, உடம்புக்கு வந்த நோயைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஒலிக்கோப்பை வேறு யாருக்கும் கேட்கக் கொடுப்பதில்லை, ஹெட்போனில் மட்டும் கேட்பேன், வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். பல்கலைக்கழக ஆட்கள் அந்த வரியைத் தேடுவார்கள். எழுதினால் அப்படியே நடக்கவும் வேண்டும்.

ரேட் விஷயத்துக்கு வருவோம். அடுத்தவள் என்ன கேட்கிறாள் என்று பார்த்து ஒரு டாலர் குறைத்துப் போடாதே. உன் கை வேகத்தை முதலில் அளந்து பார். ஐந்து நிமிடத் தமிழ்ப் பேச்சு ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதி, ஒருமுறை மீண்டும் கேட்டுத் திருத்து. நாற்பது நிமிடம் ஆனால் உன் கணக்கு ஒன்றுக்கு எட்டு. அந்தக் கணக்கில் 360 நிமிடப் பேச்சுக்கு 2,880 நிமிடம், அதாவது 48 மணி நேரம் உட்கார வேண்டும். நிமிடத்துக்கு 1 டாலர் என்றால் 360 டாலர். அப்வொர்க்கின் கட்டணம் இப்போது வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை. 10 என்று வைத்தால் 36 போய் 324 வரும், மணிக்கு 6.75 டாலர். 1.50 என்றால் 540-ல் 54 போய் 486, மணிக்குப் பத்து டாலரை ஒட்டி வரும். கட்டணம் எவ்வளவு, கையில் எவ்வளவு என்பதை விண்ணப்பப் பக்கத்திலேயே தொகைக்குக் கீழே காட்டுவார்கள். கையில் வரும் தொகையை மணி நேரத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு அனுப்பு. ஷாப்புக்குள் எடுத்த பேட்டி, இயந்திரம் ஓடுகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்றால் ஒன்றுக்கு எட்டு என்பது பத்தைத் தாண்டிவிடும். கடிதத்தின் கடைசிக் கேள்வி இதற்கும் சேர்த்துத்தான்.

நாள் கணக்கையும் அதே 48 மணி நேரத்திலிருந்து எடு. வீட்டு வேலைக்கு நடுவே நாளுக்கு 4 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் 12 நாள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் போகும் நாள் ஒன்று வரும். நோன்பு மாதமாக இருந்தால் வேகம் குறையும். 16 நாள் சொல், 14-ல் கொடு. பிரிட்டனுக்கு நாம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 'நாளைக்கு' என்று எழுதாமல் தேதியும் மாதப் பெயரும் எழுது.

சாம்பிள் என்றதும் பலருக்குத் தயக்கம், 'இதுவரை வேலையே செய்யவில்லையே, எதைக் காட்டுவது?' என்று. நீயே செய்துகொள்ளலாம். ஷாப்பில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, போனில் மூன்று நிமிடம் பேச வைத்துப் பதிவு செய். பெயர், கம்பெனி எதுவும் வராமல் பார்த்துக்கொள். வேறு ஒருவருக்காகச் செய்த வேலையை அவர் அனுமதி இல்லாமல் சாம்பிளாகக் காட்டவே கூடாது. ரகசியம் காப்பேன் என்று சொல்லிக்கொண்டே பிறர் கோப்பை நீட்டினால் யார் நம்புவார்?

அந்த மூன்று நிமிடத்தில் உன் வேலையின் தரம் தெரிய வேண்டும். பெரியம்மா 01:12-ல், "அப்பெல்லாம் பட்டை போட்டுத்தான் ஊற வைப்பாங்க, கையெல்லாம் செவந்து போயிரும்" என்கிறார் என்றால், நேரத்தையும் பேசுபவரையும் குறித்து, வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, கீழே சின்னக் குறிப்பாக 'பட்டை: தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை' என்று சேர்க்க வேண்டும். 01:40-ல் வண்டிச் சத்தத்தில் ஒரு சொல் கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் 'கேட்கவில்லை' என்று நேரத்தோடு குறி. குறையே இல்லாத சாம்பிளைவிட அந்தக் குறிப்பு அவருக்கு அதிக நம்பிக்கை தரும். இந்தத் தொழில் பேச்சு உனக்குப் பழக்கமில்லை என்றால் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படி. நம்மூர்த் தோல் ஷாப்புத் தொழிலாளிகளைப் பற்றியது, 2012-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது.

சாம்பிளைக் காட்டிய பிறகும் 'இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் சோதனைக்குச் செய்து அனுப்பு, காசு பிறகு' என்று கேட்டால் மறுத்துவிடு. முப்பத்தாறு பேரிடம் பத்துப் பத்து நிமிடமாகக் கொடுத்தால் 360 நிமிடமும் சும்மா முடிந்துவிடும். இலவச வேலை கேட்பது அப்வொர்க் விதிக்கும் எதிரானது. சோதனை வேண்டுமென்றால் அதையே சிறிய மைல்ஸ்டோனாக, காசோடு போடச் சொல். டெலிகிராமுக்கு வா என்று கூப்பிட்டாலும், பதிவுக் கட்டணம் கட்டு என்று கேட்டாலும் அங்கே வேலையே இல்லை. அப்படியே விட்டுவிடு.

அவர் சரி என்று சொன்னதும் உடனே ஹெட்போனை மாட்டாதே. முதல் மைல்ஸ்டோனின் பணம் எஸ்க்ரோவில் போடப்பட்டிருக்கிறதா என்று ஒப்பந்தப் பக்கத்தில் பார். போடாமல் நீ செய்யும் வேலைக்குப் பாதுகாப்பு கிடையாது. முடித்த கோப்பை அரட்டைப் பெட்டியில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல், மைல்ஸ்டோனைச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்து. அப்படிச் சமர்ப்பித்தால்தான் அவர் பதிலே சொல்லாவிட்டாலும் 14 நாளில் பணம் தானாக உன் பக்கம் விடுவிக்கப்படும். அதன் பிறகு ஐந்து நாள் காப்பு முடிந்து வங்கிக்கு எடுக்கலாம்.

இந்த வாரம் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்காதே, தங்கச்சி. மூன்று நிமிட சாம்பிளை முடித்து, உன் வேகத்தை அளந்து வை. கடிதத்தை அதற்குப் பிறகு எழுது.