நம்பிக்கைகளும் உண்மைகளும்: கிளவுடில் சாவி யார் கையில்?

மின்வெட்டிலும் வெக்கையிலும் ஓயாமல் அவதிப்பட்ட சர்வரை அலுவலகத்தின் மூலையறையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டுக் கிளவுடிற்குக் குடிபெயரும் நிறுவனத்தார், இயந்திரத்தோடு காவலும் பிறர் தலையில் ஏறிவிட்டது என்று நிம்மதி கொள்வது இயல்பே. ஆனால் சேவை தரும் நிறுவனங்கள் தங்கள் கடமை எதுவரை, வாடிக்கையாளரின் கடமை எங்கிருந்து என்று ஒரு கோட்டைக் கிழித்து, அதற்குப் 'பகிரப்பட்ட பொறுப்பு' என்று பெயரிட்டு வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. கிளவுடின் பாதுகாப்பு தன்னுடையது, கிளவுடிற்குள் வைக்கப்படுபவற்றின் பாதுகாப்பு வாடிக்கையாளருடையது என்று அமேசான் அதைச் சுருக்கிச் சொல்கிறது. வாங்கும் சேவையின் வகைக்கேற்ப இடம் மாறுகிற இந்தக் கோட்டைப் பற்றி நிலவும் பிரமைகளில் நான்கை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: கட்டடமும் இயந்திரமும் அவர்களுடையவை, ஆகவே காவலும் அவர்களுடையதே.

உண்மை: அமேசானின் ஈசி2 போல மெய்நிகர் சர்வரை வாடகைக்கு எடுக்கும்போது, கட்டடம், மின்சாரம், இயந்திரம், ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கிட்டுத் தரும் ஹைப்பர்வைசர் ஆகிய இவ்வளவோடு சேவை நிறுவனத்தின் கடமை நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஆப்பரேட்டிங் சிஸ்டம் தொடங்கி, அதன் பேட்ச், ஃபயர்வால் விதி, நிறுவப்படும் மென்பொருள், சர்வருக்கு அளிக்கப்படும் அதிகாரம் வரை யாவும் வாடிக்கையாளரைச் சேர்ந்தவை.

2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கிக்கு நேர்ந்த விபரீதம் இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. அமேசானின் கிளவுடில் அவ்வங்கி அமைத்திருந்த வலைச்செயலி ஃபயர்வால், பிழையான அமைப்பின் காரணமாக, வெளியிலிருந்து வந்தவரின் கோரிக்கையைத் தன் கோரிக்கை போலவே உள்ளே அனுப்பிவிடும் நிலையில் இருந்தது. ஈசி2 சர்வர் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய விவரங்களையும், தனக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்திற்குரிய தற்காலிகச் சாவியையும் கேட்டுப் பெறுகிற ஓர் உள்முகவரி உண்டு:

```
http://169.254.169.254/latest/meta-data/iam/security-credentials/
```

வெளியிலிருந்து எவரும் தட்ட முடியாத இந்தக் கதவை, உள்ளே நின்ற ஃபயர்வாலைக்கொண்டே தட்டச்செய்து சாவியைப் பெற்றார் தாக்கியவர். அத்துடன் தீமை நின்றிருக்கலாம். ஆனால் வந்துபோகும் கோரிக்கைகளைச் சோதிப்பது மட்டுமே வேலையாயிருந்த அந்த ஃபயர்வாலுக்கு, வங்கியின் எஸ்3 சேமிப்புக் கலங்களைப் பட்டியலிடவும் அவற்றில் உள்ளதை வாசிக்கவும் அதிகாரம் அளிக்கப்பட்டிருந்தது. வாயிற்காவலனிடம் பெட்டகச் சாவியையும் கொடுத்துவைத்த கதைதான். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் வெளியேறின. தரவு சங்கேதமாக்கப்பட்டுத்தான் இருந்தது என்பது இதில் கவனிக்கத்தக்க விசேஷம். தாக்கியவர் நுழைந்த வழியே அதை அவிழ்க்கவும் இடங்கொடுத்துவிட்டது என்று வங்கியே பின்னர் தெரிவித்தது.

அதே ஆண்டு நவம்பரில், முதலில் ஓர் அடையாள டோக்கனைப் பெற்ற பின்பே அந்த முகவரி பதில் தரும்படியான புதிய முறையை அமேசான் வெளியிட்டது. ஆயினும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில் அதைக் கட்டாயமாக்கும் வேலை வாடிக்கையாளரிடமே விடப்பட்டது. ஏனெனில் அந்தச் சர்வர்கள் கோட்டில் அவருடைய பக்கத்தில் இருப்பவை.

நம்பிக்கை 2: நிர்வகிக்கப்படும் தரவுத்தளத்தை வாங்கிவிட்டால் நமக்கு வேலையே இல்லை.

உண்மை: வேலை குறைகிறது, தீர்ந்துபோவதில்லை. ஆர்டிஎஸ் போன்ற சேவையில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கும் தரவுத்தள மென்பொருளுக்கும் பேட்ச் போடுவது சேவை நிறுவனத்தின் வேலை. அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்குள் நுழையும் வழிகூட வாடிக்கையாளருக்குச் சாதாரணமாக இல்லை. கோடு இங்கே ஒரு படி மேலேறி நிற்கிறது. ஆனால் அந்தத் தரவுத்தளத்தைப் பொது இணையத்திலிருந்து அணுகலாமா, எந்த முகவரிகளிலிருந்து இணைப்பு வரலாம், எந்தப் பயனர் எந்த அட்டவணையைப் பார்க்கலாம் என்ற தீர்மானங்கள் வாடிக்கையாளருடையவையே. ஃபயர்வால் விதியில் `0.0.0.0/0` என்று காணப்பட்டால், உலகத்தார் அனைவருக்கும் வாசற்கதவு திறந்திருக்கிறது என்று பொருள்.

காப்புப் பிரதியிலும் இதே நியாயம்தான். தினந்தோறும் பிரதி எடுக்கும் இயந்திரத்தைச் சேவை நிறுவனம் தருகிறது. அப்பிரதியை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை, பூஜ்யத்திலிருந்து 35 நாள் வரை, வாடிக்கையாளர் நிர்ணயிக்கிறார். பூஜ்யம் என்றால் தானியங்கிப் பிரதியே இல்லை. தரவுத்தளத்தையே நீக்குகையில், வைத்திருக்கும்படி நாம் குறிப்பிடாவிட்டால், அதன் தானியங்கிப் பிரதிகளும் உடன் அழிந்துவிடும். மேலும், பிரதியிலிருந்து தரவுத்தளத்தை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்துச் சரிபார்த்தீர்களா என்று சேவை நிறுவனம் நம்மைக் கேட்கப்போவதில்லை.

நம்பிக்கை 3: முழு மென்பொருளையே சேவையாக வாங்குகிறோம், இனி பயன்படுத்துவது ஒன்றே நம் பங்கு.

உண்மை: மின்னஞ்சல், கணக்கெழுதுதல், வாடிக்கையாளர் பதிவேடு முதலியவற்றைச் சந்தா கட்டிப் பயன்படுத்தும்போது கோடு உச்சிக்கு ஏறுகிறது; செயலியின் நிரலும்கூடச் சேவை நிறுவனத்தின் பொறுப்பில் சேர்ந்துவிடுகிறது. அப்போதும் கணக்குகள், அவற்றின் அதிகாரங்கள், அவற்றைத் திறக்கும் மடிக்கணினிகள், உள்ளே இடப்படும் தரவு ஆகியவை நம் பக்கமே எஞ்சி நிற்கின்றன.

2024-இல் ஸ்னோஃப்ளேக் என்னும் தரவுச் சேவையின் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது இதைத் தெளிவாக்கும். விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம், ஸ்னோஃப்ளேக்கின் சொந்த அமைப்பு உடைக்கப்பட்டதற்கு ஆதாரம் காணவில்லை. தீய மென்பொருள் தொற்றிய கணினிகளிலிருந்து திருடப்பட்ட, வாடிக்கையாளர்களின் சொந்தக் கடவுச்சொற்களே வழி திறந்தன என்று கண்டது. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. 2020-ஆம் ஆண்டிலேயே களவுபோன கடவுச்சொற்களும் அவற்றில் அடக்கம். ஆண்டுக்கணக்காக ஒருவரும் மாற்றாததால் அவை செல்லுபடியாயின. நுழையப்பட்ட கணக்குகளில் இரட்டை அடையாளச் சோதனையும் இல்லை. உரிய பெயரும் உரிய கடவுச்சொல்லும் தந்து வருபவரை உள்ளே விடுவதே சேவையின் தர்மமாதலால், அது தன் கடமையைச் செய்தது. கடவுச்சொல்லை மாற்ற வேண்டியவர்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை.

நம்பிக்கை 4: அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறது; தவறு நேர்ந்தால் சட்டம் அவர்களைத்தான் கேட்கும்.

உண்மை: சேவை நிறுவனம் பெற்றுள்ள ஐஎஸ்ஓ 27001 போன்ற சான்றிதழ், கோட்டின் அந்தப் புறத்திற்கு மட்டுமே செல்லும். கேப்பிடல் ஒன் விவகாரத்தில், கிளவுடிற்கு மாறுமுன் அபாயங்களை முறையாக மதிப்பிடத் தவறியதற்காக, 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது வங்கியின் மீதுதான். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவை எதற்காக, எவ்வாறு கையாள்வது என்று தீர்மானிப்பவரையே பொறுப்பாளியாக்குகிறது. கையாளும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருப்பதாகச் சொல்லி அவர் விலகிக்கொள்ள முடியாது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவதற்கு அச்சட்டம் குறிக்கும் அபராதம் 250 கோடி ரூபாய் வரை செல்லும்.

ஆதலால் வாசகர்கள் தங்கள் நிறுவனம் வாங்கியுள்ள சேவைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பேட்ச் போடுபவர் யார், உள்ளே வர அனுமதி அளிப்பவர் யார், அழிந்ததை மீட்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு பெயரை இட்டுப் பார்க்கவேண்டும். முதற் கேள்விக்கு எதிரே பல இடங்களில் சேவை நிறுவனத்தின் பெயர் வரும். மூன்றாவதற்கு எதிரே சில இடங்களில் பாதியளவு வரும். இரண்டாவதற்கு எதிரே ஓரிடத்திலும் வராது.