டீமில் வந்த கருத்து மோதலை இன்டர்வியூவில் சொல்வது எப்படி?



“டீமில் ஒருவரோடு உங்களுக்குக் கருத்து மோதல் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்.” ஐ.டி. இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. இதற்கு ‘ஸ்டார்’ முறையில் பதில் சொல்லச் சொல்வார்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு படிகள். இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூடத் தடுமாறுவதைப் பல இன்டர்வியூக்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எதிர்த்தரப்பின் நியாயம் அவர்கள் கதையில் இருக்காது. கேள்வி கேட்பவர் முக்கியமாகத் தேடுவது அதைத்தான்.

1. வேலையை ஒட்டிய மோதலைத் தேர்ந்தெடுங்கள். “அவர் சோம்பேறி, எல்லா வேலையையும் நானே செய்தேன்” என்பது புகார். “எனக்கு யாரோடும் சண்டை வந்ததே இல்லை” என்றால் கேள்விக்குப் பதிலே இல்லை. இருவருமே வேலை நன்றாக முடிய வேண்டும் என்று நினைத்து, வழியில் மட்டும் வேறுபட்ட சம்பவம்தான் வேண்டும். வேலை அனுபவம் இல்லாதவர்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டில் நடந்ததைச் சொல்லலாம்.

2. சூழலையும் பொறுப்பையும் ஐந்தாறு வாக்கியங்களில் முடித்துவிடுங்கள். ஒரு டெஸ்டர் இப்படித் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்: “ஆன்லைன் கடை ஒன்றின் கூப்பன் பகுதியைச் சோதிப்பது என் பொறுப்பு. கார்ட்டிலிருந்து ஒரு பொருளை நீக்கிய பிறகும் தள்ளுபடி குறையவில்லை. நான் பதிவு செய்த பக்கை, ‘எனக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை’ என்று டெவலப்பர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். ரிலீஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவர் கையில் வேறு அவசர வேலைகளும் இருந்தன. தன் கணினியில் தெரியாத பிழைக்கு நேரம் செலவிட அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது.” அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். டெவலப்பர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்கூட “ஆமாம், அப்படித்தான்” என்பார்.

3. பதிலில் பாதிக்கு மேல் செயலுக்குக் கொடுங்கள். “பேசித் தீர்த்துக்கொண்டோம்” என்று தாண்டிப்போனால் ஒன்றும் தெரியாது. என்ன கேட்டீர்கள், என்ன தெரிந்தது, அதனால் எது மாறியது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். அந்த டெஸ்டர் தொடர்கிறார்: “மூன்றாம் முறை பக்கைத் திறக்காமல் அவர் இடத்துக்கே போனேன். அவர் சோதிக்கும் விதத்தைக் காட்டச் சொன்னேன். அவர் புதிய கணக்கில் சோதித்தார். நான் முந்தைய நாளே கார்ட்டில் பொருள் வைத்திருந்த பழைய கணக்கில் சோதித்திருந்தேன். அந்த விவரத்தை நான் பக் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. பழைய கணக்கில் சேர்ந்து செய்து பார்த்தபோது பிழை அவருக்கும் தெரிந்தது.” இங்கே மேனேஜரிடம் போகாமல் நேரில் பேசியது தெரிகிறது. “நான்” என்று சொல்லத் தயங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் “நாங்கள்” என்றால், “அதில் நீங்கள் செய்தது என்ன?” என்ற கேள்வி வரும். அது வந்தால், உங்கள் பங்கு இன்னும் தெளிவாகவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

4. விளைவில் வேலை, உறவு இரண்டையும் சொல்லுங்கள். “ரிலீஸுக்கு முன் பிழை சரியானது. அதன் பிறகு ரிப்போர்ட்டில் கணக்கின் வகையையும் பில்ட் எண்ணையும் எழுதினேன். திருப்பி அனுப்பும் முன் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.” உங்கள் கருத்து ஏற்கப்படாமல் போன சம்பவத்தையும் சொல்லலாம். அமேசான் தன் தலைமைப் பண்புகளில் ஒன்றாகவே இதை வைத்திருக்கிறது: மறுப்பைத் துணிந்து சொல், முடிவான பிறகு அதற்கு முழுமையாக உழை. அப்படிப்பட்ட கதையில், முடிவுக்குப் பிறகு நீங்கள் எப்படி உழைத்தீர்கள் என்பதே முக்கியம்.

5. துணைக்கேள்விகளுக்குத் தயாராகுங்கள். “அவரைக் கேட்டால் இதை எப்படிச் சொல்வார்?”, “இன்று நடந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்?” என்ற இரண்டும் அடிக்கடி வரும். கட்டிய கதை இந்த இடத்தில்தான் சரியும். நடந்ததைச் சொல்பவருக்கு விவரம் தானாக வரும்.

6. முழுப் பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள். படிக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிந்தால் போதும். நீண்டால் சூழலைச் சுருக்குங்கள். செயலில் கை வைக்காதீர்கள்.

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: “அவர் ஏன் அப்படிச் சொன்னார்?” அதற்கு நேர்மையான ஒரு வரிப் பதில் வராவிட்டால், அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.