படத்தைப் பார்த்து மிளகாய் ரகத்தை அறிவது எப்படி?

தாம்பரம், படப்பை, மணிமங்கலம், கூடுவாஞ்சேரி வட்டாரங்களில் 10 சென்ட், 20 சென்ட் நிலத்தில் மிளகாய் வைப்போர் நாற்றை விலைக்கு வாங்கி நடுவது உண்டு. 40 நாள் வயதுள்ள நாற்றின் இலையைப் பார்த்து ரகத்தைச் சொல்லிவிட முடியாது. சம்பா நாற்றும் குண்டு மிளகாய் நாற்றும் அந்த வயதில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நிற்கும். ஆகவே நாற்று விற்பவர், "இதுதான் காய்" என்று கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார். வாங்குபவரும் அந்தப் படத்தை நம்பியே பணம் கொடுக்கிறார். வற்றல் போடுவதற்காக நட்டவருக்குச் சதை தடித்த பஜ்ஜி மிளகாய் காய்த்துவிட்டால் அது களத்தில் சீக்கிரம் காயாது. ஈரம் தங்கி, நிறம் வெளுத்து, அழுகவும் செய்யும். எனவே படத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

முதலில் நீளத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் அளவுக்கு ஒரு பொருள் இல்லாவிட்டால் நீளம் தெரியாது. கையில் வைத்து எடுத்த படமும் பயன்படாது. கைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். வெள்ளைத் தாளின்மேல் காய்களைப் பரப்பி, பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். நாணயம் படத்தில் முட்டை வடிவமாகத் தெரிந்தால் படம் சாய்வாக எடுக்கப்பட்டது என்று பொருள். அதை வைத்து அளக்கக் கூடாது. பொறுக்கி எடுத்த பெரிய காய்களாக இல்லாமல், ஒரே பறிப்பில் கைக்கு வந்த 10 காய்கள் இருக்க வேண்டும். கடைசிப் பறிப்புகளில் எந்த ரகமும் காய் சிறுத்துவிடும்.

அடுத்தது தோல். இதில்தான் பலரும் ஏமாறுகின்றனர். பச்சைக் காயின் தோலில் சுருக்கம் தெரிந்தால் அது ரகத்தின் குணமாகவும் இருக்கலாம். பறித்து இரண்டு நாள் ஆகி வதங்கியதாகவும் இருக்கலாம். காயின் குறுக்கே வரிவரியாகப் பள்ளம் விழுந்து, காம்பு பச்சையாக விறைப்பாக இருந்தால் அது பிறவிக் குணம். சுருக்கம் நீளவாக்கில் ஓடி, காம்பும் துவண்டிருந்தால் அது வதங்கல். தோலில் பழுப்பு நிறச் சொரசொரப்பு கண்டால் அது இலைப்பேன் அல்லது சிலந்தியின் வேலை. அத்தகைய காய் வடிவமும் கோணலாகி இருக்கும். அதை வைத்து எந்த ரகத்தையும் தீர்மானிக்கக் கூடாது.

வடிவத்தில் நுனியையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சாத்தூர் சம்பா வகையும், கோவில்பட்டியில் வெளியிடப்பட்ட கே.1 ரகமும் நுனி கூர்மையானவை. கே.1 காயின் நீளம் ஏறத்தாழ 6.6 செ.மீ. கடலோர மாவட்டங்களுக்கென்று வந்த பாலூர் 1 ரகத்தில் நுனி மழுங்கியிருக்கும். தோல் பளபளப்பாக இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயில் நீளமும் அகலமும் ஏறக்குறைய சமம். அதைக் காண்பவர் எவரும் சம்பாவோடு குழப்பிக்கொள்ள மாட்டார். ஆனால் நம்பியூர் குண்டு மிளகாயிலிருந்து தேர்ந்தெடுத்த கோ.2 ரகமும் குண்டானதுதான். இங்கேதான் பழுத்த நிறம் உதவுகிறது. முண்டு நல்ல அடர்சிவப்பு, கோ.2 பழத்தில் சிவப்போடு ஆரஞ்சு சாயல் ஓடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பச்சைக் காயின் நிறம் பாதிச் செய்திதான். கடைகளில் பச்சைக் குடைமிளகாய், சிவப்புக் குடைமிளகாய் என்று தனித்தனியாக அடுக்கி வைப்பதைப் பார்த்து அவை வேறு வேறு சாதி என்று நினைப்போர் உண்டு. பச்சை என்பது முதிராத காய், அவ்வளவுதான். அதைச் செடியிலேயே விட்டால் ரகத்துக்குத் தக்கபடி சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். ஆகவே காய், நிறம் மாறும் பருவம், பழம் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். மாலை வெயிலில் எடுத்த படத்தில் சிவப்பு ஆரஞ்சாகத் தோன்றும். அப்போது அடியில் உள்ள தாளும் மஞ்சளாகத் தெரியும். வெள்ளைத் தாள் வைக்கச் சொன்னதன் காரணம் இதுவே.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மணிமங்கலம் பக்கத்தில் ஒரு விவசாயிக்கு "சம்பா" என்று சொல்லி நாற்று கொடுத்து, படமும் அனுப்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசித் திரையில் நாணயத்தின் குறுக்களவு 12 மில்லிமீட்டர். காய் வளைந்திருப்பதால் அடிக்கோல் உதவாது. ஒரு நூலைக் காயின் முதுகோடு வைத்து, பிறகு நூலை அளக்க வேண்டும். அது 40 மில்லிமீட்டர் வருகிறது. 27ஐ 12ஆல் வகுத்தால் 2.25. அதை 40ஆல் பெருக்கினால் 90. அதாவது காயின் நீளம் 9 செ.மீ. மற்றக் காய்களும் அதையொட்டியே இருக்கின்றன. நிறம் வெளிர்பச்சை, உடல் மெல்லியது, குறுக்கே வரிப்பள்ளங்கள், காம்பு விறைப்பு. இவை சம்பாவுக்குரிய அடையாளங்கள் அல்ல. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட பூசா ஜ்வாலா வகைக் காய் இப்படித்தான் இருக்கும். அதிலும் காரம் உண்டு, பழுத்தால் சிவக்கும். ஆயினும் பச்சையாகப் பறித்து விற்கவே அது ஏற்றது. அந்த விவசாயி பழுக்கும்வரை காத்திராமல், பச்சையாகவே அடிக்கடி பறித்து உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்புவதே அவருக்கு இலாபம்.

இங்கே "ஜ்வாலா வகை" என்று சொன்னோமே தவிர, "ஜ்வாலாதான்" என்று சொல்லவில்லை. இன்று பல கம்பெனிகள் விற்கும் வீரிய ஒட்டு ரகங்களில் ஒன்றுபோலவே காய்ப்பவை பல. படத்தை வைத்து வகையைச் சொல்லலாம்; வீரிய ஒட்டு ரகத்தின் பெயரைச் சொல்ல முடியாது. அதற்கு விதை உறையும் ரசீதும்தான் சாட்சி. நாற்று வாங்கும்போதே உறையைக் கேட்டு, அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ரகம் மாறிவிட்டது என்று விதை ஆய்வாளரிடம் முறையிட நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

படத்தில் ஒரே பறிப்புக் காய்கள் இரண்டு மூன்று வடிவில் கலந்து காணப்பட்டால் வேறொரு சந்தேகம் எழ வேண்டும். மிளகாய்ப் பூ தானாகவே சூல் கொள்ளும் என்றாலும், தேனீக்கள் மூலம் அயல் மகரந்தமும் ஏராளமாகச் சேரும். பஜ்ஜி மிளகாய்க்குப் பக்கத்துப் பாத்தியில் இருந்த சம்பாவிலிருந்து விதை எடுத்திருந்தால், அவ்வருடக் காயில் ஒரு மாற்றமும் தெரியாது. அந்த விதையை விதைத்த அடுத்த பயிரில்தான் தடித்த காயும் மெல்லிய காயும் செடிக்குச் செடி மாறி வரும். அத்தகைய படம் வந்தால் நாற்றை வாங்காமல் விடலாம். ஏற்கனவே நட்டுவிட்டவர்கள் செடிவாரியாகத் தனித்தனியே படம் எடுத்து, செடியில் காய் மேல் நோக்கி நிற்கிறதா, தொங்குகிறதா என்பதும் தெரியும்படி ஒரு படம் சேர்த்து, கூடுவாஞ்சேரிக்கு அருகில் காட்டுப்பாக்கத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம். போகும்போது நான்கு காய்களையும் இரண்டு பழங்களையும் காம்போடு கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.