முதல் ஷாட், கடைசி ஷாட்

கேள்வி: கல்யாணம், தைப்பூசம், கொய்யாத் தோட்ட விளம்பரம் என நிறைய எடுத்திருக்கிறேன். ஷோரீலை எப்படித் தொடங்கி முடிப்பது?
– வாசகர், பீடோர்

பதில்: உங்கள் பெயரை முதலில் போடாதீர்கள், பார்ப்பவர் அதற்குள் நகர்ந்துவிடுவார். இருப்பதிலேயே சிறந்த ஷாட்தான் தொடக்கம். காவடி எடுத்தவர் கேமரா பக்கம் திரும்பும் கணத்திலேயே வெட்டி, உறுமிச் சத்தத்தோடு நுழையுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். காப்புரிமைக்காக யூடியூப் தடுக்கக்கூடும்.

இரண்டாவது சிறந்த ஷாட்டைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். தாலி ஏறியதும் பெண்ணின் அம்மா கண் துடைப்பதுபோல, அசைவு தானாக அடங்கும் ஷாட் பொருந்தும். அது முழுதாக முடிந்தபின் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் ஐந்து வினாடி நிற்கட்டும். மொத்தம் ஒன்றரை நிமிடம் போதும்.

பிறகு சத்தத்தை அணைத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே அலுப்புத் தட்டுகிறதோ, அந்த ஷாட் இசையை நம்பி நின்றது, எடுத்துவிடுங்கள்.