இரவுப் பணி எந்த நாளுக்கு உரியது?

முன்பு பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை நாளைக் கணக்கிடுவதில் குழப்பம் இருந்ததில்லை. விடியும் முன்னே பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்கு அன்றைய தேதியில் பேர் விழும். பால் மரம் வெட்டுவதும் பால் எடுப்பதும் பகலிலேயே முடிந்துவிடும். வேலை தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் ஒன்றாகவே இருந்தன.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு வேலை மாறியபோது நிலைமை மாறியது. இயந்திரங்கள் இரவிலும் ஓடுகின்றன. பத்தாங் பாடாங் மாவட்டத்தின் பீடோரில் வசிக்கும் ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு நாளில் மூன்று முறைப்பணிகள் உண்டு. காலைப் பணி 7 மணிக்கும், மாலைப் பணி பிற்பகல் 3 மணிக்கும், இரவுப் பணி இரவு 11 மணிக்கும் தொடங்கும். இடையில் அரை மணி ஓய்வு போக, ஒரு பணிக்கு ஏழரை மணி நேர வேலை. அவருடைய ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமை.

அவர் சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வேலைக்குச் செல்கிறார். ஞாயிறு காலை 7 மணிக்கு வெளியே வருகிறார். நள்ளிரவில் தேதி மாறிவிட்டது. அப்படியானால் அவர் வேலை செய்தது சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிறு என்றால் ஓய்வு நாளில் வேலை செய்திருக்கிறார். அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. சனி என்றால் வழக்கமான சம்பளம்தான்.

தீபகற்ப மலேசியாவில் இக்கேள்விக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வழிகாட்டுகிறது. பொதுவாக ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு கூறுகிறது. எனினும், முறைப்பணி செய்பவருக்கும் நள்ளிரவைத் தாண்டி வேலை செய்பவருக்கும் அது ஒரு விலக்கு அளிக்கிறது. ஓய்வு நாள், வேலை நேரம் ஆகியவற்றைக் கணக்கிடும்போது, அவர்களுடைய நாள் எந்த நேரத்திலும் தொடங்கலாம். தொடர்ச்சியாக 24 மணி நேரமாக இருந்தால் போதும்.

ஆகவே, எந்தப் பணியையும் இரண்டாக வெட்டாத ஒரு நேரத்தை நாளின் தொடக்கமாகக் கொள்வதே நல்லது. காலை 7 மணியைத் தொடக்கமாகக் கொண்டால், இரவுப் பணி அந்த நாளின் கடைசிப் பணியாகும். அப்போது சனி இரவுப் பணி முழுவதும் சனிக்கிழமைக்கு உரியது. இரவு 11 மணியைத் தொடக்கமாகக் கொண்டால், இரவுப் பணி நாளின் முதல் பணியாகும். அப்போது அதே பணி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதாகிவிடும். இரண்டு முறைகளுமே சரியானவைதாம்.

முதல் முறையில் அவர் சனி இரவு வேலை செய்வார். ஞாயிறு இரவு வேலை செய்ய மாட்டார். ஞாயிறு காலை 7 மணி முதல் திங்கள் இரவு 11 மணி வரை அவருக்கு 40 மணி நேர ஓய்வு. இரண்டாம் முறையில் சனி இரவு அவருக்கு வேலை இல்லை. சனி காலை 7 மணி முதல் ஞாயிறு இரவு 11 மணி வரை அதே 40 மணி நேர ஓய்வு. ஓய்வெடுக்கும் இரவு மாறுகிறதே தவிர, ஓய்வின் அளவு குறையவில்லை.

இரண்டு முறைகளையும் கலக்கும்போதுதான் தவறு நேர்கிறது. "நீங்கள் தொடங்கியது சனிக்கிழமைதானே?" என்று சொல்லிச் சனி இரவு வேலை கொடுக்கிறார்கள். பிறகு, "பெரும்பகுதி நேரம் திங்கட்கிழமையில்தானே வருகிறது?" என்று சொல்லி ஞாயிறு இரவும் வேலை கொடுக்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டு வாதங்களும் நியாயமாகவே தோன்றும். ஆனால், சேர்த்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்தது ஞாயிறு காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை, வெறும் 16 மணி நேரம். தாளில் ஞாயிறு ஓய்வு நாள். உண்மையில் ஓய்வு நாளே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கிழமையின் பெயரை மறந்துவிட்டு, இரண்டு பணிகளுக்கு இடையிலான மணிகளை எண்ண வேண்டும். முறைப்பணி செய்பவருக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது 30 மணி நேரம் கிடைத்தால்தான் அது ஓய்வு நாள் என்று சட்டத்தின் 59ஆம் பிரிவு கூறுகிறது. ஞாயிறு காலை 7 மணிக்கு வேலை முடித்தவரைத் திங்கள் காலை 7 மணிக்கு அழைத்தால் இடைவெளி 24 மணி நேரம், அது போதாது. திங்கள் பிற்பகல் 3 மணிக்கு அழைத்தால் 32 மணி நேரம், அது போதும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இதே சிக்கலைத் தீர்த்தது. நள்ளிரவுக்குப் பின் செய்த வேலையை அது முந்தைய நாளில் சேர்த்தது; விடுமுறை நாளைப் பணி முடியும் நேரத்திலிருந்து 24 மணி நேரமாக எண்ணியது. மலேசியச் சட்டம் கேட்பது அதைவிட ஆறு மணி நேரம் அதிகம். இரவெல்லாம் விழித்தவர் முதல் சில மணி நேரத்தை உறக்கத்திலேயே கழித்துவிடுவார் அல்லவா?

வாரக் கணக்கிலும் இதே கவனம் தேவை. 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. முறைப்பணி செய்பவர் ஒரு வாரம் கூடுதலாக வேலை செய்யலாம். ஆனால், மூன்று வாரச் சராசரி 45 மணியைத் தாண்டக்கூடாது. நம் தொழிலாளி முதல் வாரம் ஆறு இரவுப் பணிகளும், அடுத்த வாரம் ஆறு மாலைப் பணிகளும் செய்கிறார். இரண்டு வாரமும் 45 மணி நேரம்தான். சம்பளக் கணக்கில் ஞாயிறு நள்ளிரவு 12 மணியிலிருந்து வாரம் தொடங்கினால், சனி இரவுப் பணி இரண்டாக உடையும். நள்ளிரவுக்கு முந்தைய ஒரு மணி நேரம் முதல் வாரத்திலும், மீதி ஆறரை மணி நேரம் இரண்டாம் வாரத்திலும் விழும். முதல் வாரம் 38.5 மணி, இரண்டாம் வாரம் 51.5 மணி என்று காட்டும். ஒரு வாரம் குறைந்த அதே அளவு அடுத்த வாரம் கூடியிருந்தால், வேலை மாறவில்லை, எல்லைக்கோடுதான் பணியை வெட்டியிருக்கிறது என்று அறியலாம். இதைக் கவனிக்காமல் விட்டால், முதல் வாரத்தில் அவர் உண்மையாகவே செய்த மிகுதி நேர வேலை, அந்தக் குறைவுக்குள் மறைந்துபோகக்கூடும்.

எனவே, நாள் எப்போது தொடங்குகிறது, வாரம் எப்போது தொடங்குகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். ஓய்வு நாள்களைக் காட்டும் பணி அட்டவணையை மாதம் தொடங்கும் முன்பே முதலாளி தயாரிக்க வேண்டும் என்று சட்டம் கூறுவதும் இதற்கு உதவுகிறது. தொழிலாளியும் கிழமையை மட்டும் குறிக்காமல், தொடங்கிய தேதி, நேரம், முடிந்த தேதி, நேரம் ஆகிய நான்கையும் குறித்து வைக்கலாம். சம்பளத்தில் ஐயம் ஏற்பட்டுத் தொழிலாளர் இலாகாவை நாடும்போது, "சனிக்கிழமை வேலை" என்ற குறிப்பைவிட அந்த நான்கு விவரங்களே தெளிவாகப் பேசும்.

கருத்துணர் வினாக்கள்

1. தோட்ட வேலையில் நாள் கணக்குக் குழப்பம் ஏற்படாததற்குக் காரணம் என்ன?
2. ஒருவர் புதன் காலை 7 மணிக்கு இரவுப் பணியை முடிக்கிறார். வியாழன் பிற்பகல் 3 மணிக்கு அடுத்த பணி தொடங்குகிறது. இந்த இடைவெளி ஓய்வு நாளாகுமா? கணக்கிட்டு விளக்குக.
3. நாளின் தொடக்கத்தை இரண்டு விதமாகக் கலந்து கணக்கிடுவதால் தொழிலாளி எதை இழக்கிறார்?